இலவச வெபினார்: பெங்களூரில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கர்நாடக சீட்டா, தமிழ்நாட்டு சீட்டா? (பத்தாவது முதல் இரண்டாம் பியூசி வரை உள்ள பெற்றோருக்கு)

ஹொரமாவு அப்பா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணி முதல் 12 வரை ஸூமில் ஒரு வெபினார் வைத்திருக்கிறோம். முழுக்கத் தமிழில் நடக்கும். கட்டணம் எதுவும் இல்லை. இதற்குப் பின்னால் கோச்சிங் சென்டரோ கல்லூரி ஏஜென்டோ கிடையாது. பேசுபவர்கள் இரண்டு பேர். ஒருவர் இங்கே பதினொன்றாவது, பன்னிரண்டாவது நடக்கும் பியூ கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர், இந்தத் தளத்தில் பியூ வாத்தியார் என்று எழுதுகிறவர். இன்னொருவர் பெங்களூரில் படித்த தன் மகனைத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வு வழியாகப் பொறியியலில் சேர்த்த ஒரு அம்மா.

எந்தப் படிப்பு நல்லது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் எடுத்திருப்பது அதற்கு முன்னால் வரும் கேள்வி: உங்கள் பிள்ளை எந்த மாநிலத்துக் கோட்டாவில் விண்ணப்பிக்க முடியும்? கர்நாடக நுழைவுத் தேர்வான கேசிஇடியா, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வான டிஎன்இஏவா, இரண்டுமா, அல்லது இரண்டும் கைவிட்டுத் தனியார் கல்லூரிகளுக்கான காமெட்கே தேர்வும் மேனேஜ்மென்ட் சீட்டும்தானா? இங்கே பத்து வருடம் இருந்த குடும்பம்கூட இதைப் பன்னிரண்டாவது முடிந்த பிறகுதான் பார்க்கிறது. கேசிஇடி விண்ணப்பமோ வழக்கமாக வருடத் தொடக்கத்திலேயே, போர்டு தேர்வுக்கு முன்பே வந்துவிடும்.

பதிவு செய்வது இப்படி. இந்தப் பதிவின் மேலே பச்சைப் பட்டையில் இருக்கும் இணைப்பைத் தொட்டால் கூகுள் படிவம் திறக்கும். உங்கள் பெயர், மின்னஞ்சல், பிள்ளையின் வகுப்பு, போர்டு ஆகியவற்றைக் கேட்கும். பிள்ளையின் பெயரும் போன் நம்பரும் கேட்க மாட்டோம். கடைசிக் கட்டம்தான் முக்கியம்: ஒன்றாவதிலிருந்து இன்று வரை எந்த வகுப்பை எந்த ஊரில் படித்தார் என்று வரிசையாக எழுதுங்கள். அதை வைத்துத்தான் சார் கேள்விகளைப் பிரிக்கப்போகிறார். படிவத்தை அனுப்பியதும் ஸூமிலிருந்து உங்களுக்கென்று தனி இணைப்பு மின்னஞ்சலில் வரும். வராவிட்டால் ஸ்பாமில் பாருங்கள். அந்த இணைப்பு ஒருவருக்குத்தான் என்பதால் அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட வேண்டாம். அப்பாவும் அம்மாவும் வெவ்வேறு போனில் பார்ப்பதாக இருந்தால் இரண்டு மின்னஞ்சலில் தனித்தனியாகப் பதியுங்கள். இடம் 100 பேருக்குத்தான். வெள்ளி இரவோடு படிவம் மூடப்படும்.

ரெக்கார்டிங் உண்டு. செவ்வாய் மாலைக்குள் பதிந்த எல்லோருக்கும் இணைப்பு வரும், 30 நாள் பார்க்கலாம். டவுன்லோட் செய்ய முடியாது. கேள்வி பதில் பகுதியை வெட்டிவிடுவோம். அதில் குடும்ப விவரம், சாதிச் சான்றிதழ், மார்க் எல்லாம் வெளியே வரும், அது யார் கையிலும் சுற்றக் கூடாது.

எலக்ட்ரானிக் சிட்டி

நல்ல முயற்சி சார். எனக்கு அந்த ஞாயிறு ஷிஃப்ட். ரெக்கார்டிங் மட்டும் போதுமென்றால் பதிய வேண்டுமா, செவ்வாய்க்கிழமை இங்கே இணைப்பு போடுவீர்களா?

ஹொரமாவு அப்பா

இங்கே போட மாட்டோம் சார், பதிந்தவர்களுக்கு மட்டும்தான். படிவத்தில் "ரெக்கார்டிங் மட்டும்" என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைத் தொடுங்கள். அந்த 100-ல் உங்கள் இடம் கழியாது, இன்னொருவர் நேரில் கேட்கலாம். உங்கள் கேள்வியைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். கேள்வி பதிலை வெட்டினாலும், பொதுவான கேள்விகளுக்குப் பெயர் சொல்லாமல் முதல் பகுதியிலேயே பதில் சொல்லச் சொல்லியிருக்கிறோம்.

அல்சூர்க்காரன்

தமிழ்நாட்டுப் பக்கம் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து. டிஎன்இஏவுக்கு எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். இங்கே படித்த பிள்ளைக்கு அந்த வழி கிடையாது. எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்கு இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அங்கேயே மேனேஜ்மென்ட் சீட் வாங்கினார்கள். கேசிஇடியைப் பற்றி மட்டும் இரண்டு மணி நேரம் பேசினால் போதும்.

பியூ வாத்தியார்

தம்பி, எட்டு முதல் பன்னிரண்டு என்ற விதி இருப்பது உண்மை. அது எதற்கு என்பதில்தான் குழப்பம். அந்த ஐந்து வருடமும் தமிழ்நாட்டில் படித்தவரிடம் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பதில்லை. அதில் ஒரு வகுப்பையாவது வெளியே படித்திருந்தால், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்று நேட்டிவிட்டி சான்றிதழ் வைக்க வேண்டும். வைத்தால் பெங்களூரில் படித்த பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். உங்கள் சொந்தக்காரப் பையனிடம் அந்தக் காகிதம் கையில் இல்லாமல் போயிருக்கும்.

அந்தச் சான்றிதழை தாசில்தார் அலுவலகம் தருகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ, அப்புறம் தாசில்தார் என்று மேலே போகும். பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் அந்த ஊரில் படித்த டிசி, பழைய ரேஷன் கார்டு என்று ஊரோடு உங்களைக் கட்டும் ஆவணம் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். அப்பாவின் எஸ்எஸ்எல்சி புத்தகம் பல வீடுகளில் பரணில் கிடக்கும், அது இங்கே பொன்.

அல்சூர்க்காரன்

சரி சார், விதி அப்படியே இருக்கட்டும். நடைமுறையைச் சொல்கிறேன். எங்கள் அப்பா ஊரை விட்டு வந்து நாற்பது வருடம் ஆகிறது. வீட்டை விற்றாயிற்று, ரேஷன் கார்டும் இங்கேதான். விஏஓ "இந்த ஊரில் நீங்கள் யாரும் இல்லையே" என்றுதான் கேட்பார். ரிசல்ட் வந்த பிறகு பத்து நாளில் இதையெல்லாம் வாங்க முடியுமா?

பியூ வாத்தியார்

அதில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் பத்தாவது, பதினொன்றாவது பெற்றோரையும் கூப்பிட்டிருக்கிறோம். டிஎன்இஏ விண்ணப்பம் மே மாதம் திறக்கும்போது சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், மே மாதம் போய் வரிசையில் நிற்கக் கூடாது. விஏஓ திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்பதற்கு ஒரே பதில் இல்லை. அது ஆவணத்தையும் அந்த அலுவலகத்தையும் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை பேசும் அந்த அம்மா பழைய வாக்காளர் பட்டியலைத் தேடி எடுத்துக் காட்டியவர். அதை அவரே சொல்லட்டும்.

ஜாலஹள்ளி

நான் விமானப்படையில் இருக்கிறேன். என் மகன் ஐந்து ஊர்களில் படித்தான். ஏழு வருடம் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்று பள்ளியில் சொன்னதும் கேசிஇடியை விட்டுவிட்டோம். காமெட்கேக்கு மட்டும் படிக்கிறான். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வெபினாரில் ஏதாவது இருக்கிறதா, அல்லது இது நிரந்தரமாக இங்கே இருப்பவர்களுக்கு மட்டுமா?

பியூ வாத்தியார்

விட்டுவிட வேண்டாம் சார்! ஏழு வருடம் என்பது முதல் பிரிவு மட்டும்தான். கேசிஇடி நடத்தும் கேஇஏவின் தகவல் புத்தகத்தில் அதற்குக் கீழே வரிசையாக வேறு பிரிவுகள் உண்டு. பாதுகாப்புப் படையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு. நீங்கள் கர்நாடகத்தில் குறைந்தது ஒரு வருடம் பணியில் இருந்திருக்க வேண்டும். மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களுக்கும் இதேபோல ஒன்று இருக்கிறது. எந்தக் காலகட்டத்துப் பணி கணக்கில் வரும், உங்கள் அலுவலகத்திலிருந்து எந்தப் படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்பதை அந்த வருடத்துப் புத்தகத்தில் வரிக்கு வரி பாருங்கள். விண்ணப்பத்தில் தவறான பிரிவைத் தொட்டுவிட்டு, சரிபார்ப்பின்போது மாற்றித் தரச் சொல்லி மல்லேஸ்வரம் கேஇஏ அலுவலகத்தில் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காமெட்கே படிப்பதும் நல்லதுதான். அதற்கு எந்த மாநிலம் என்ற கேள்வியே இல்லை. ஆனால் சீட்டு ஒன்றாக இருந்தாலும் கட்டணம் அரசுக் கோட்டாவை விட மிக அதிகமாகப் போகும்.

விவேக் நகர் அக்கா

என் பெண் காமர்ஸ். சிஏ படிக்க வேண்டும் என்கிறாள். எல்லோரும் இன்ஜினியரிங்கே பேசுகிறீர்களே, நான் பதியலாமா? பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கலாமா?

ஹொரமாவு அப்பா

பதியுங்கள் அக்கா, பிள்ளையும் உட்காரட்டும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காமர்ஸுக்குக் கடைசி இருபது நிமிடம்தான். உங்களுக்கு இந்த மாநிலத் தலைவலி அவ்வளவு இல்லை. இங்கே பி.காம். சேர்க்கையைக் கல்லூரிகள் பெரும்பாலும் நேரடியாக நடத்துகின்றன. சிஏ ஃபவுண்டேஷன் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு. பத்தாவது முடித்ததும் பதிந்து வைக்கலாம், பன்னிரண்டாவது எழுதிய பிறகு தேர்வு. 2024 முதல் வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. ரெக்கார்டிங்கில் அந்தப் பகுதி எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று குறித்து அனுப்புகிறேன், நேராக அங்கே போய்விடலாம்.

கோவைப்பொண்ணு

சார், எங்கள் கணக்கைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். மகள் ஒன்று முதல் ஐந்து வரை கோவையில். ஆறாவதிலிருந்து பெங்களூர். பத்தாவது வரை சிபிஎஸ்இ, இப்போது பியூ கல்லூரியில் இரண்டாம் வருடம், பிசிஎம்சி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணினால் ஏழு வருகிறது. அப்படியென்றால் கேசிஇடிக்குத் தகுதிதானே? பள்ளியில் சிபிஎஸ்இ படித்தது கணக்கில் வராது என்று ஒருவர் சொல்லிப் பயமுறுத்திவிட்டார்.

பியூ வாத்தியார்

சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ எதுவானாலும் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளி என்றால் கணக்கில் வரும் அம்மா. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, இரண்டு பியூ வருடங்கள்: சரியாக ஏழு. பத்தாவதையோ பன்னிரண்டாவதையோ இங்கே முடித்திருக்க வேண்டும், நீங்கள் இரண்டையும் இங்கே முடிக்கிறீர்கள். ஆனால் ஒரு வருடம்கூட உபரி இல்லை என்பதை மனதில் வையுங்கள். இடையில் எங்கேயும் வெளியூரில் படிக்கவில்லையே?

கோவைப்பொண்ணு

அங்கேதான் சிக்கல் சார். எட்டாவதில் மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் நாங்கள் கோவையில் இருந்தோம். ஜனவரி வரை அங்கே ஒரு பள்ளியில் படித்தாள், அப்புறம் இங்கே பழைய பள்ளிக்கே திரும்பி வந்து இறுதித் தேர்வு எழுதினாள். எட்டாவது மார்க் ஷீட் பெங்களூர்ப் பள்ளியுடையது.

அல்சூர்க்காரன்

மார்க் ஷீட் இங்கேயென்றால் முடிந்தது அக்கா. அதைத்தான் பார்ப்பார்கள்.

பியூ வாத்தியார்

அப்படி அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை தம்பி. விதி கேட்பது முழுக் கல்வி ஆண்டு. பள்ளி தரும் ஸ்டடி சர்டிஃபிகேட்டில் சேர்ந்த தேதி இருக்கும். பள்ளி மாணவருக்குத் தரும் சாட்ஸ் எண்ணை விண்ணப்பத்தில் போட்டால் படித்த விவரம் தானாக வரும்போதும் அந்த இடைவெளி தெரியலாம். பொருந்தாவிட்டால் பள்ளிச் சான்றிதழில் வட்டாரக் கல்வி அதிகாரியான பிஇஓவின் மேலொப்பம் வாங்கச் சொல்வார்கள். அந்த பிஇஓ எட்டாவதை ஒரு வருடமாக எண்ணுவாரா மாட்டாரா என்பதை நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. இப்போதே பள்ளியில் கேட்டு அந்தச் சான்றிதழில் என்ன எழுதுவார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று கேட்கிறேன். நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ கர்நாடகத்தில் படித்ததுண்டா?

கோவைப்பொண்ணு

நான் முழுக்கக் கோவை. அவர் கேஜிஎஃப். ராபர்ட்சன்பேட்டையில் ஒன்றாவதிலிருந்து எஸ்எஸ்எல்சி வரை தமிழ் மீடியம். தாத்தா சுரங்க வேலைக்கு வந்தவர்.

பியூ வாத்தியார்

அப்படியானால் எட்டாவதைப் பற்றிய கவலையை ஓரமாக வையுங்கள். பிள்ளை பியூ இரண்டு வருடமும் கர்நாடகத்தில் படித்து, பெற்றோரில் ஒருவர் குறைந்தது ஏழு வருடம் கர்நாடகத்தில் படித்திருந்தால் அதற்கென்று தனிப் பிரிவு உண்டு. தமிழ் மீடியமாக இருந்தாலும் தங்கவயல் கர்நாடகம்தான், பத்து வருடம் ஆகிறது. அவர் படித்த பள்ளியிலிருந்து ஸ்டடி சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். பள்ளி மூடியிருந்தால் அந்த வட்டத்து பிஇஓ அலுவலகத்தில் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே இதை முடியுங்கள். தங்கவயல் குடும்பங்கள் பெங்களூரில் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், பாதிப் பேருக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது.

கோவைப்பொண்ணு

சார், கண்ணில் தண்ணீர் வருகிறது. ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. இன்னும் ஒரே ஒரு கேள்வி. தமிழ்நாட்டிலும் போடலாமா? என் நேட்டிவிட்டியை வைத்து? இரண்டு மாநிலத்திலும் போட்டால் தப்பு என்று சொல்கிறார்களே.

பியூ வாத்தியார்

இரண்டிலும் விண்ணப்பிப்பது தப்பில்லை. கேசிஇடி கேட்பது எங்கே படித்தீர்கள் என்பதை, டிஎன்இஏ கேட்பது உங்கள் பூர்வீகம் எது என்பதை. இரண்டும் உண்மையாக இருக்கலாம். கடைசியில் ஒன்றில்தான் சேர முடியும். ஒரிஜினல் டிசி, மார்க் ஷீட்டை எந்தக் கையில் எப்போது கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

அப்பா கேஜிஎஃப், அம்மா கோவை என்றால் பிள்ளைக்கு நேட்டிவிட்டி கிடைக்குமா என்பது தாசில்தார் முடிவு. கோவையில் ஐந்து வருடம் படித்ததும், அங்கேயே பிறந்திருந்தால் அதுவும் உதவும். உறுதியாகச் சொல்ல மாட்டேன். சாதிச் சான்றிதழும் அங்கே தனிக் கதை. தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் கேசிஇடி இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்பதையும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, மகள் மார்க் எப்படி எடுக்கிறாள்?

கோவைப்பொண்ணு

ப்ரிபரேட்டரி தேர்வில் கணக்கு 92, இயற்பியல் 84, வேதியியல் 88. கேசிஇடி மாக் டெஸ்டில் 180-க்கு 90 வருகிறது. கோச்சிங்கில் "போர்டு பாதிதான், கேசிஇடியைப் பார்" என்கிறார்கள்.

பியூ வாத்தியார்

இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். ஞாயிற்றுக்கிழமை திரையிலும் இதையே காட்டலாம்.

கேசிஇடி தரவரிசையில் பன்னிரண்டாவது பிசிஎம் பாதி, நுழைவுத் தேர்வு பாதி. உங்கள் மகளுக்கு பிசிஎம் 300-க்கு 264, அதாவது 88 சதவீதம். நுழைவுத் தேர்வில் 180-க்கு 90, அதாவது 50 சதவீதம். சேர்த்துப் பாதியாக்கினால் 69. இதை இழுப்பது நுழைவுத் தேர்வுதான். அங்கே தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், ஒரு கேள்வியையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

டிஎன்இஏவில் நுழைவுத் தேர்வே கிடையாது. கட் ஆஃப் 200-க்கு. கணக்கு 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்குக் குறைத்து எடுப்பார்கள். 92, 42, 44, கூட்டினால் 178. கேசிஇடி மாக்கில் சுமாராகத் தெரியும் அதே பெண் இங்கே நன்றாகவே நிற்கிறாள்.

இதில் பெங்களூர்ப் பெற்றோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கேசிஇடியில் மூன்று பாடத்துக்கும் ஒரே எடை. டிஎன்இஏவில் போர்டு கணக்குத் தாளில் ஒரு மார்க் போனால் கட் ஆஃபில் ஒரு மார்க் போகும், இயற்பியலில் போனால் அரைதான். ஆக, தமிழ்நாட்டையும் மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு "போர்டு பாதிதான்" என்ற பேச்சு பொருந்தாது. அந்தப் பிள்ளைக்குப் போர்டு கணக்குத் தாள்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். கோச்சிங் சென்டரில் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு கேசிஇடி ரேங்க்தான் விளம்பரம்.

எலக்ட்ரானிக் சிட்டி

பியூ போர்டில் வருடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வு வைக்கிறார்களே. முதல் தேர்வில் கணக்கு குறைந்தால் இரண்டாவதில் ஏற்றி, அதை டிஎன்இஏவில் காட்டலாமா?

பியூ வாத்தியார்

கர்நாடகத்தில் எதில் அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் புது மார்க் ஷீட் கையில் வருகிறதா என்பதுதான் பிரச்சினை. வருடத்துக்கு வருடம் தேதி மாறுகிறது, அதனால் முதல் தேர்விலேயே எடுத்துவிடுவது நல்லது என்றுதான் சொல்வேன்.

ஜாலஹள்ளி

நன்றி சார். பள்ளி சொன்னதை மட்டும் நம்பி இருந்தோம். தகவல் புத்தகத்தை இறக்கிப் படித்தேன், பாதுகாப்புப் படைப் பிரிவு இருக்கிறது. நான் இங்கே வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. படிவத்தில் பதிந்துவிட்டேன், உறுதி மின்னஞ்சல் மட்டும் இன்னும் வரவில்லை.

ஹொரமாவு அப்பா

உங்கள் பதிவு எங்களிடம் வந்திருக்கிறது சார். அலுவலக மின்னஞ்சல் கொடுத்திருக்கிறீர்கள், அங்கே ஸூம் கடிதங்களைத் தடுத்திருக்கலாம். சொந்த மின்னஞ்சலில் இன்னொரு முறை பதியுங்கள், பழையதை நான் நீக்கிவிடுகிறேன்.

கோவைப்பொண்ணு

பள்ளியில் பேசிவிட்டேன். எட்டாவதுக்கு ஜனவரியில் சேர்ந்ததாகத்தான் எழுதித் தருவார்களாம். ஆக, சார் சொன்ன இரண்டாவது வழிதான் எங்களுக்கு. வீட்டுக்காரர் சனிக்கிழமை லீவு போட்டு ராபர்ட்சன்பேட்டை போகிறார். பள்ளி இன்னும் நடக்கிறதாம், ஹெட்மாஸ்டரிடம் போனில் சொல்லியாயிற்று.

அல்சூர்க்காரன்

நானும் பதிந்துவிட்டேன். பழைய வாக்காளர் பட்டியல் விஷயம் மட்டும் விவரமாக வேண்டும் சார். எந்த வருடத்துப் பட்டியல், எங்கே எடுத்தார்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டு வையுங்கள். விஏஓ ஒத்துக்கொள்வாரா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ஹொரமாவு அப்பா

கேட்டு வைக்கிறேன். படிவத்தில் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்திருக்கிறோம்: அப்பா அம்மா எந்த வகுப்பு வரை எந்த மாநிலத்தில் படித்தார்கள் என்று. ஏற்கனவே பதிந்தவர்கள் உறுதி மின்னஞ்சலில் இருக்கும் "திருத்து" இணைப்பைத் தொட்டு அதை மட்டும் நிரப்பினால் போதும், மறுபடி பதிய வேண்டாம். ஓசூர்ப் பக்கம் படித்தவர்கள் தாலுகா பெயரையும் எழுதுங்கள்.